கால்குலேட்டரில் சராசரியும் திட்ட விலக்கமும்: ஒரே மதிப்பெண் பட்டியலுக்கு விடை ஏன் மாறுகிறது?

கேள்வி: பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சிறிய வகுப்பு. 50-க்கு நடத்திய தேர்வை 12 பேர் எழுதினார்கள், ஒரு மாணவி வரவில்லை. மதிப்பெண்கள் 34, 41, 28, 45, 37, 34, 19, 48, 31, 41, 34, 40. கேசியோ fx-82MS கால்குலேட்டரில் போட்டேன். முதல் முறை சராசரி 33.23, விலக்கம் 12.02, 12.51 என்று இரண்டு எண்கள். மறுபடி போட்டால் சராசரி 35.85, விலக்கம் 7.26, 7.56. எது சரி? விலக்கத்துக்கு ஏன் இரண்டு எண்கள்? எதைப் பதிவேட்டில் எழுதுவது?

பதில்:

இரண்டு முறையும் வந்த விடைகள் தவறு. நீங்கள் கொடுத்த பன்னிரண்டு மதிப்பெண்களுக்குச் சராசரி சரியாக 36. திட்ட விலக்கம் 7.54. கூடவே வரும் இன்னொரு எண் 7.87. உங்கள் கால்குலேட்டரில் பழுது எதுவும் இல்லை. இரண்டு முறையும் அதற்குள் பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று எண்கள் போயிருக்கின்றன. நீங்கள் எழுதிய விடைகளை வைத்தே இதைச் சொல்ல முடிகிறது. எப்படி என்று பார்த்துவிட்டால், இனிமேல் உங்கள் விடையை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

புள்ளியியல் முறையில் நாம் ஒவ்வொரு மதிப்பெண்ணாகக் கொடுக்கும்போது கால்குலேட்டர் மூன்று கூட்டல்களைச் செய்துகொண்டே வருகிறது. எத்தனை எண்கள் வந்தன என்பது n. அவற்றின் மொத்தம் Σx. அவற்றின் வர்க்கங்களின் மொத்தம் Σx². சராசரியும் திட்ட விலக்கமும் இந்த மூன்றிலிருந்துதான் பிறக்கின்றன. உங்கள் வகுப்புக்கு n = 12, Σx = 432, Σx² = 16234. ஆகவே

```
x̄ = 432 / 12 = 36
σ = √(16234/12 − 36²) = √56.8333 = 7.54
```

பாடநூலில் ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து, வர்க்கப்படுத்தி, கூட்டி, n-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கிறோமே, அதே விடைதான் இதுவும். கழித்த விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 682 என்று வரும், 682-ஐ 12-ஆல் வகுத்தால் அதே 56.8333. ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள், சராசரி முழு எண்ணாக இருப்பதால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இப்போது உங்கள் முதல் விடையைப் பிரிப்போம். மதிப்பெண்கள் முழு எண்கள். ஆகவே சராசரியை n-ஆல் பெருக்கினால் ஒரு முழு எண்ணை ஒட்டியே வர வேண்டும். 33.23-ஐ 12-ஆல் பெருக்கினால் 398.76, இது ஒட்டவில்லை. 13-ஆல் பெருக்கினால் 431.99. அதாவது மொத்தம் 432, எண்ணிக்கை மட்டும் 13. மொத்தம் மாறாமல் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டுமென்றால் கூடுதலாகப் போனது பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். தேர்வுக்கு வராத மாணவிக்கு 0 என்று கொடுத்திருக்கிறீர்கள். விலக்கம் 12.02-க்கு ஏறியதும் அதனால்தான். மற்ற எல்லோரும் 19-க்கும் 48-க்கும் இடையில் நிற்க, தன்னந்தனியாக ஒரு பூஜ்யம் கீழே போய் விழுந்ததும் 7.54 என்பது 12.02 ஆகிவிட்டது.

இரண்டாவது விடையும் இதேபோல்தான். 35.85-ஐ 12-ஆல் பெருக்கினால் 430.2. 13-ஆல் பெருக்கினால் 466.05. இரண்டு தசமத்துக்குச் சுருக்கிய எண் என்பதால் இதை 466 என்று எடுத்துக்கொள்ளலாம், 466-ஐ 13-ஆல் வகுத்தால் 35.846. உண்மையான மொத்தம் 432. வித்தியாசம் 34. இந்த முறை ஒரு 34 கூடுதலாக ஏறியிருக்கிறது என்று தோன்றுகிறது. மொத்தத்தை மட்டும் வைத்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டு மூன்று தவறுகள் சேர்ந்தும் 34 வித்தியாசத்தைத் தரலாம். ஆனால் விலக்கமும் கையில் இருக்கிறதே. 7.26-ஐ வர்க்கப்படுத்தி, சராசரியின் வர்க்கத்தைக் கூட்டி, 13-ஆல் பெருக்கினால் Σx² ஏறக்குறைய 17389 என்று கிடைக்கிறது. அதில் 16234 போனால் 1155. 34-இன் வர்க்கம் 1156. சுருக்கிய எண்ணிலிருந்து பின்னோக்கிப் போகும்போது இவ்வளவு தள்ளி நிற்பது இயல்பே. மொத்தத்திலும் 34, வர்க்க மொத்தத்திலும் 34 வர்க்கம் என்று இரண்டு சாட்சிகள் ஒன்றையே சொல்வதால், ஒரு 34 இரண்டு முறை பதிவாகியிருக்கிறது என்று ஏறத்தாழ நிச்சயமாகச் சொல்வேன். எப்படிப் பதிவானது என்பதுதான் என் ஊகம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு, கீழே வருகிறது.

உங்கள் fx-82MS-இல் செய்யும் முறை இது. முதலில் MODE அழுத்தி 2. திரையின் மேல் ஓரத்தில் சிறிய எழுத்தில் SD என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தொடராதீர்கள். மதிப்பெண்ணைப் பதிவு செய்யும் பொத்தான் M+ தான், அதன் கீழே DT என்று சிறிதாக எழுதியிருக்கும். சாதாரணக் கணக்கு முறையில் இருந்துகொண்டு அதை அழுத்தினால் எண்கள் M என்ற நினைவகத்தில் கூடிக்கொண்டே போகுமே தவிர, புள்ளியியல் கணக்கில் ஏறாது. SD தெரிந்ததும் பழைய தரவை அழிக்க வேண்டும்.

```
MODE 2
SHIFT CLR 1 =
34 M+
41 M+
28 M+
```

CLR என்பது MODE பொத்தானுக்கு மேலே எழுதியிருக்கும். அதில் 1 என்பது Scl, அதாவது புள்ளியியல் தரவை மட்டும் அழிப்பது. AC அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும் என்று பல ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். AC திரையை மட்டுமே துடைக்கும், உள்ளே இருக்கும் மூன்று கூட்டல்களைத் தொடாது. இந்த ஒரு விஷயத்தில் நானே அடிபட்டிருக்கிறேன். பணியில் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் இரண்டு பிரிவுகளுக்கு அடுத்தடுத்துப் போட்டேன். ஒன்றில் 27 பேர், மற்றதில் 12 பேர். இரண்டாவது பிரிவின் சராசரி முதல் பிரிவின் சராசரிக்கு மிக அருகில் வந்தது. இரு பிரிவுகளும் ஒரே தரத்தில் இருக்கின்றன என்று கூட்டத்தில் சொல்லியும்விட்டேன். வீட்டுக்கு வந்து n-ஐப் பார்த்தபோது 39 என்றிருந்தது. பழைய 27 மதிப்பெண்களோடு புதிய 12-ம் சேர்ந்திருந்தன. சிறிய பிரிவு உண்மையில் கணிசமாகப் பின்தங்கியிருந்தது, அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்ட கூடுதல் வகுப்பு ஒரு மாதம் தள்ளிப்போனது. இந்தத் தவறு அபாயமானது, ஏனென்றால் கிடைக்கும் விடை நம்பும்படியாகவே இருக்கும். 50-க்கு நடத்திய தேர்வில் சராசரி 69 என்று வந்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். 36 வர வேண்டிய இடத்தில் 39 வந்தால் யார் பார்ப்பார்கள்?

அழித்துவிட்டீர்களா என்பதை அறிய எளிய வழி உண்டு. முதல் மதிப்பெண்ணைக் கொடுத்து M+ அழுத்தியதும் திரையில் n= என்று தோன்றி 1 வர வேண்டும். 13, 28 என்று எதுவாவது வந்தால் பழைய தரவு இருக்கிறது என்று பொருள். பிறகு ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் அந்த எண் ஒன்று ஒன்றாக ஏற வேண்டும். பதிவேட்டின் வரிசை எண்ணையும் திரையில் தெரியும் n-ஐயும் ஒன்றோடொன்று பார்த்துக்கொண்டே போங்கள். நான் ஆள்காட்டி விரலைப் பெயர் மேல் வைத்துக்கொண்டுதான் போடுவேன். தேர்வுக்கு வராதவரைத் தாண்டும்போது வரிசை எண்ணும் n-ம் ஒன்று விலகும், அது விலக வேண்டிய இடம்தான். வேறு இடத்தில் விலகினால் அங்கே நிறுத்துங்கள்.

M+ பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் அதே மதிப்பெண் மறுபடி பதிவாகும். இது பழுதால் நடப்பதல்ல, அடுத்தடுத்து ஒரே எண் வரும்போது வேலையைச் சுருக்குவதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய கால்குலேட்டரில் பொத்தான் சரியாக அழுந்தவில்லையோ என்ற சந்தேகத்தில் மறுபடி அழுத்துவது நம் கையின் பழக்கம். உங்கள் கூடுதல் 34 இப்படி வந்திருக்கலாம். ஒரே மதிப்பெண் பலருக்கு இருந்தால் எண்ணிக்கையோடு சேர்த்தும் கொடுக்கலாம். உங்கள் வகுப்பில் 34 மூன்று பேருக்கு இருக்கிறது. 34 என்று போட்டு, SHIFT அழுத்தி காற்புள்ளிப் பொத்தானைத் தட்டினால் அரைப்புள்ளி வரும். பிறகு 3, பிறகு M+. n ஒரே தடவையில் மூன்று ஏறும். 12 பேருக்கு இந்த வசதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதிவேட்டு வரிசையை விட்டு விலகிவிட்டால் எங்கே விட்டோம் என்று கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டாவது வழி திருத்தும்போது நடப்பது. தவறாகப் பதிந்ததைப் பார்க்க மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்தினால் x1, Freq1, x2, Freq2 என்று ஒவ்வொன்றாகத் தெரியும். தவறான எண் திரையில் இருக்கும்போது சரியான எண்ணை அடித்து = அழுத்த வேண்டும். அங்கே பழக்கத்தில் M+ அழுத்திவிட்டால் பழையது அப்படியே இருக்க, நீங்கள் அடித்தது புதிய பதிவாகக் கடைசியில் சேர்ந்துகொள்ளும். ஒரு பதிவை முழுவதுமாக நீக்க, அது திரையில் இருக்கும்போது SHIFT அழுத்தி M+. திருத்தம் எல்லாவற்றையும் SD முறையை விட்டு வெளியே போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நடுவில் வேறு முறைக்குப் போய்த் திரும்பினால், தனித்தனி மதிப்பெண்களைப் பார்க்கவோ திருத்தவோ இந்த வகைக் கால்குலேட்டரில் முடியாது.

எல்லாம் போட்டு முடித்ததும் உடனே சராசரியைப் பார்க்க வேண்டும் என்று கை துடிக்கும். அதற்கு முன்னால் n, அடுத்து Σx, அதன் பிறகே மற்றவை.

```
SHIFT 1 3 =    n
SHIFT 1 2 =    Σx
SHIFT 2 1 =    x̄
SHIFT 2 2 =    xσn
SHIFT 2 3 =    xσn-1
```

n என்பது தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கை. அது 12 இல்லையென்றால் மேலே போக வேண்டாம். Σx-ஐச் சரிபார்க்க மதிப்பெண்களைத் தனியாக ஒரு முறை கையால் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், 432 வர வேண்டும். n சரியாக இருந்து மொத்தம் மட்டும் மாறினால் ஏதோ ஒரு மதிப்பெண் மாறிப் பதிந்திருக்கிறது. அந்த வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா என்று பாருங்கள். வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 41-ஐ 14 என்று அடித்தால் மொத்தம் 27 குறையும், 45-ஐ 54 என்று அடித்தால் 9 கூடும். கணக்குப் பிள்ளைகள் பேரேடு சரிபார்க்கக் கையாண்ட பழைய வழி இது. 9-ஆல் வகுபடும் எல்லா வித்தியாசமும் இலக்க மாற்றம்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தேடத் தொடங்க நல்ல இடம்.

மொத்தம் சரியாக வந்தும் தவறு ஒளிந்திருக்க முடியுமா என்றால், முடியும். ஒருவருக்கு 5 கூட்டியும் இன்னொருவருக்கு 5 குறைத்தும் பதிந்திருந்தால் n, Σx இரண்டும் சரியாகவே இருக்கும், சராசரியும் சரி, விலக்கம் மட்டும் மாறும். இது அபூர்வம். விலக்கத்துக்கு ஒரு மேல் எல்லை உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். xσn ஒருபோதும் உச்ச மதிப்பெண்ணுக்கும் நீச மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தின் பாதியைத் தாண்டாது. உங்கள் வகுப்பில் 48-இல் 19 போனால் 29, பாதி 14.5. அதைத் தாண்டி வந்தால் பதிவில் தவறு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தாண்டவில்லை என்பதால் சரி என்று ஆகிவிடாது. உங்கள் 12.02 இந்த எல்லைக்குள்தான் இருந்தது.

அடுத்து அந்த இரண்டு விலக்கங்கள். xσn என்பது விலக்க வர்க்கக் கூடுதலை n-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தது. xσn-1 என்பது ஒன்று குறைத்து வகுத்தது. உங்களுக்கு 682-ஐ 12-ஆல் வகுத்தால் 7.54 கிடைக்கும், 11-ஆல் வகுத்தால் 62 வந்து அதன் மூலம் 7.87. ஒன்று குறைத்து வகுப்பதால் இரண்டாவது எண் எப்போதும் பெரியதாகவே இருக்கும். பன்னிரண்டு பேருக்கு அது ஏறக்குறைய நாலரை சதவீதம் கூடுதல். நாற்பது பேர் இருந்தால் ஒன்றேகால் சதவீதம்தான். சிறிய வகுப்பில்தான் இந்தக் கேள்வி உறுத்துகிறது, பெரிய வகுப்பில் யாரும் கவனிப்பதுகூட இல்லை.

எதை எழுதுவது என்பதற்கு நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்பதே விடை. தேர்வு எழுதிய இந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள் என்றால் அவர்கள்தான் முழுத் தொகுதி. xσn, அதாவது 7.54. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலும் திட்ட விலக்கத்தை n-ஆல் வகுத்தே கற்பிக்கிறது, ஆகவே மாணவர்கள் தாளில் போட்டுப் பார்த்தாலும் இதுதான் வரும். இந்தப் பன்னிரண்டு பேரை ஒரு மாதிரியாக எடுத்துக்கொண்டு, மாவட்டத்தில் உள்ள எல்லாப் பத்தாம் வகுப்பு மாணவர்களின் சிதறல் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடப் போகிறீர்கள் என்றால் xσn-1. அப்படிச் செய்ய அந்தப் பன்னிரண்டு பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே பள்ளியின் ஒரே வகுப்பு அப்படிப்பட்ட மாதிரி இல்லை. ஆகவே வகுப்புப் பதிவேட்டுக்கு 7.54 என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதே எண்ணை வேறு ஏதாவது படிவத்தில் நிரப்பக் கேட்டிருந்தால், அதைப் பற்றித்தான் சந்தேகம். படிவத்தைச் சேகரிப்பவர்கள் எக்செலில் மறுபடி கணக்கிட்டுப் பார்ப்பார்கள் என்றால் எந்தக் கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். STDEV, STDEV.S இரண்டும் ஒன்று குறைத்து வகுத்து 7.87 தரும், STDEV.P 7.54 தரும். அலுவலகங்களில் பழக்கத்தில் STDEV போடுகிறவர்கள் நிறைய. உங்கள் எண் தவறு என்று திருப்பி அனுப்பினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

வராத மாணவி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பொத்தான் பிரச்சினை இல்லை. தேர்வு எழுதி பூஜ்யம் வாங்கியவருக்கு 0 போட்டே ஆக வேண்டும், அதை விட்டால் சராசரி பொய்யாக உயரும். தேர்வே எழுதாதவருக்கு மதிப்பெண் என்று ஒன்று இல்லை. அவரைப் பூஜ்யமாக்கினால், காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்குப் பாடமே தெரியாது என்று எழுதியதாக ஆகிறது, வகுப்பின் சராசரியும் 36-இலிருந்து 33.23-க்கு இறங்குகிறது. சில பள்ளிகளில் தேர்ச்சி விழுக்காட்டுக்கு வராதவர்களையும் சேர்த்து எண்ணும் நடைமுறை உண்டு. தேர்ச்சி விழுக்காடு வேறு கணக்கு, அதற்கு என்ன விதியோ அதன்படி செய்யுங்கள். சராசரியிலும் விலக்கத்திலும் அவரைச் சேர்க்க வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களிடம் வேறு மாதிரிக் கால்குலேட்டர் இருக்கலாம். fx-991MS-இல் MODE இரண்டு முறை அழுத்திப் பிறகு 1, மற்றதெல்லாம் மேலே சொன்னபடிதான். ES PLUS வகையில் MODE அழுத்தி STAT என்பதைத் தேர்ந்து, அதில் 1-VAR. எண்களை ஒரு நெடுவரிசையாகப் போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் =. அருகில் FREQ என்று இரண்டாவது நெடுவரிசை தெரிந்தால் அதில் எல்லாம் 1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். முடித்ததும் AC அழுத்தி, SHIFT 1, அதில் Var. அங்கே σx என்பது n-ஆல் வகுத்தது, sx என்பது ஒன்று குறைத்தது. பட்டியலுக்குத் திரும்ப SHIFT 1, Data. இந்த வகையில் STAT-ஐ விட்டு வெளியே வந்தாலோ FREQ அமைப்பை மாற்றினாலோ தரவு முழுவதும் அழிந்துவிடும். பழைய தரவு கலக்கும் ஆபத்து இங்கே குறைவு, போட்டதை இழக்கும் ஆபத்து அதிகம். பட்டியல் முழுவதும் கண்முன் தெரிவதால் வகுப்பறைக்கு இதையே நான் விரும்புவேன்.

கடைசியாக, இந்த 7.54-ஐ எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது. பன்னிரண்டு பேரில் ஒருவர் மதிப்பெண் மாறினால் விலக்கம் வெகுவாக அசையும். 19 வாங்கிய அந்த ஒருவரை நீக்கிப் போட்டுப் பார்த்தேன். சராசரி 37.55 ஆகிறது, பெரிய மாற்றம் இல்லை. விலக்கம் 7.54-இலிருந்து 5.77-க்கு இறங்குகிறது. அதாவது இந்த வகுப்பின் சிதறலில் பெரும் பங்கு ஒரே ஒரு மாணவருடையது. அவரை நீக்கிவிட்டு எழுதுங்கள் என்று சொல்லவில்லை, அவர் வகுப்பில் ஒருவர், அவர் மதிப்பெண் இருக்க வேண்டும். ஆனால் அடுத்த தேர்வில் விலக்கம் 6-க்கு இறங்கினால் வகுப்பு முழுவதும் சீராகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்த ஒருவர் என்ன வாங்கினார் என்று முதலில் பாருங்கள். அதே காரணத்துக்காக இரண்டு தசமத்துக்கு மேல் எழுதுவதில் பயனில்லை. உங்கள் பதிவேட்டில் இப்படி எழுதலாம்: தேர்வு எழுதியவர் 12, வராதவர் 1, மொத்தம் 432, சராசரி 36.00, திட்ட விலக்கம் 7.54 (n-ஆல் வகுத்தது). அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிடாதீர்கள், அடுத்த வருடம் அந்தப் பதிவேட்டைத் திறப்பவர் உங்கள் கால்குலேட்டரின் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.